உங்களுக்கு முன்பே இணைப்பைத் திறந்தது யார்?

"தம்பி, கடவுச்சொல்லை மாற்ற மின்னஞ்சல் வந்த உடனே அழுத்திட்டேன். ஏற்கெனவே பயன்படுத்தியாச்சுன்னு காட்டுது. யாராவது என் கணக்குக்குள்ள புகுந்துட்டாங்களா?"

கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. கேட்டவர் கணக்குப் பிரிவு அக்கா. ஒரு காப்புறுதித் தளத்துக்கு அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். மூன்று முறை புதிய இணைப்பு கேட்டும் அதே பதில்தான்.

எங்கள் மின்னஞ்சல் பாதுகாப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். கடிதம் வந்தது காலை 9:14:05. நான்கு வினாடியில் அதிலிருந்த இணைப்பு திறக்கப்பட்டிருந்தது. அக்கா அழுத்தியது 9:16-க்கு. முதலில் திறந்தது திருடன் அல்ல. எங்கள் பாதுகாப்பு மென்பொருள்.

மோசடி இணைப்புகளைப் பிடிக்க, இத்தகைய மென்பொருள் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தானே திறந்து சோதிக்கும். கடவுச்சொல் மாற்றும் இணைப்போ ஒருமுறை மட்டுமே செல்லும். திறந்த உடனேயே அதைச் செலவானதாகக் குறித்துக்கொள்ளும் தளத்துக்கு, வந்தது மனிதரா மென்பொருளா என்று தெரியாது.

உண்மையில் இது தளத்தை அமைத்தவர்கள் சரிசெய்ய வேண்டியது. ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் மட்டும் எதுவும் மாறக்கூடாது என்பது இணையத்தின் அடிப்படை விதி. இணைப்பைத் திறந்தால் பக்கம் மட்டும் தெரிய வேண்டும். புதிய கடவுச்சொல்லை எழுதி 'உறுதிசெய்' பொத்தானை அழுத்தும்போதுதான் இணைப்பு செலவாக வேண்டும். சோதனை மென்பொருள் பெரும்பாலும் பக்கத்தைத் திறப்பதோடு நின்றுவிடும்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதலில் வேறு காரணம் உண்டா என்று பாருங்கள். பல தளங்களில் புதிய இணைப்பு கேட்டதும் பழையது செத்துவிடும். அதனால் கடைசியாக வந்த கடிதத்தையே திறக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு திறந்தாலும் இதே போன்ற செய்திதான் வரும். கடைசிக் கடிதத்தை உடனே திறந்தும் ஒவ்வொரு முறையும் தோற்றால், சோதனை மென்பொருளின் மேல் சந்தேகப்படலாம். அப்போது மீண்டும் மீண்டும் கேட்பதில் பயனில்லை. வரும் ஒவ்வொன்றையும் அது முதலில் திறந்துவிடும். இணைப்பை நகலெடுத்து வேறு உலாவியில் ஒட்டினாலும் அதே கதைதான்.

இணைப்புக்குப் பதிலாக எண் குறியீடு அனுப்பும் வசதி தளத்தில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். குறியீட்டை மென்பொருள் திறந்து செலவழிக்க முடியாது. இல்லையென்றால், தளத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, சொந்த மின்னஞ்சலைக் கணக்கில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அக்கா அப்படித்தான் செய்தார்; அடுத்த இணைப்பு முதல் அழுத்தலிலேயே வேலை செய்தது.

அலுவலக வேலைக்கான தளம் என்றால், அனுப்புநர் முகவரியையும் கடிதம் வந்த நேரத்தையும் கணினிப் பிரிவிடம் கொடுங்கள். அந்தத் தளத்தின் இணைப்புக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்கு தர முடியும். கடிதத்தை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். இன்னும் செலவாகாத இணைப்பு அதில் இருந்தால், அது உங்கள் கணக்கின் சாவி.