முதல் வருடக் கமிஷனில் விழும் கண்

சென்ற வாரம் ஏலச்சீட்டைப் பார்த்தோம். சீட்டுக்கு அடுத்தபடியாகச் சிற்றூர்ச் சேமிப்பு போய்ச் சேரும் இடம் இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்டின் பை. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, டியூஷன் எடுப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று பலர் மாலை நேரத்தில் இந்த ஏஜெண்ட் வேலையைச் செய்கிறார்கள். நுழைவது கடினமில்லை. இன்சூரன்ஸுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐ.சி.-38 தேர்வில் 35 சதவீத மதிப்பெண். மியூச்சுவல் ஃபண்டுக்கு என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வில் நூற்றுக்கு 50 வாங்கி, ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். எண் பெற வேண்டும். அந்தச் சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். உரிமம் வாங்கிய பின்புதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஏஜெண்ட் நேர்மையாக விற்பதும் விற்காததும் அவருடைய குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. கமிஷன் எந்த வருடத்தில் கைக்கு வருகிறது என்பதையும் பொறுத்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளி வேன் ஓட்டும் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் எடுத்து வைக்க முடியும் என்கிறார். அவரிடம் 20 வருட எண்டோமெண்ட் பாலிசியை விற்றால், எல்.ஐ.சி. 2024 அக்டோபரில் மாற்றிய முறைப்படி முதல் வருடக் கமிஷன் 28 சதவீதம், அதாவது 14,000 ரூபாய். அதே மனிதரை மாதம் 4,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யில் சேர்த்துவிட்டால் என்ன வரும்? ஃபண்டுக்கு முன்பணக் கமிஷன் தருவதை செபி 2018-இலேயே நிறுத்திவிட்டது. இருப்பில் உள்ள தொகை மீது வருடாவருடம் டிரெயில் மட்டும் உண்டு. அதை 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் வருடம் முழுதும் சேர்ந்து ஏறக்குறைய 200 ரூபாய். ஆனால் அந்த ஓட்டுநருக்கு உடனடித் தேவை உயிர்க்காப்பு. ஐம்பதாயிரம் கட்டும் எண்டோமெண்ட் தருவது சுமார் பத்து லட்சக் காப்புதான். அதே காப்பை டெர்ம் பாலிசியில் எடுத்தால் அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு சிறு பங்கு போதும், மீதியைச் சேமிக்கலாம். 14,000 ரூபாய் கண்முன்னே இருக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்ல மனம் வருவது எளிதல்ல.

இங்கேதான் பெரும்பாலோர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டுநரால் இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் பாலிசி லேப்ஸ் ஆனால், ஏஜெண்ட் இழப்பது வருடத்துக்கு 7.5 சதவீத ரினியூவல்: 3,750 ரூபாய். மீதி 19 வருடத்துக்கு அது 71,250. எஸ்.ஐ.பி. பத்து வருடம் ஓடினால், வளர்ச்சியே இல்லாமல் போட்ட பணம் மட்டும் 4,80,000 என்று கொண்டாலும், அதன்பின் டிரெயில் வருடத்துக்கு 3,840. சந்தை சரிந்தால் குறையும், ஏறினால் கூடும். ஆக, எதை விற்றாலும் ஏஜெண்டின் உண்மையான கூலி வாடிக்கையாளர் எத்தனை வருடம் தொடர்ந்து கட்டுகிறார் என்பதில்தான் இருக்கிறது. சக்திக்கு மீறியதை ஒருவர் தலையில் கட்டினால் அந்தக் கூலி முதலில் போய்விடும்.

"டிரெயிலை நம்பி யார் பிழைக்க முடியும்?" என்பார்கள். முழுநேரம் இதையே நம்பியவருக்கு அது நியாயமான கேள்வி. ஆரம்ப வருடங்களில் அவருக்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகுதிநேரக்காரருக்கு வேறு சம்பளம் இருக்கிறது. காத்திருக்க முடிகிறவர் அவர் ஒருவர்தான். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: பாலிசி என்ற கட்டாயம் இல்லாவிட்டால் நம் ஆட்கள் சேமிக்கவே மாட்டார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் கட்டாயம் முதல் வருடத்தோடு அறுந்தால் நஷ்டம் முழுதும் கட்டியவருக்கே. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆர்.டி.யும் எஸ்.ஐ.பி.யும் அதே பழக்கத்தைக் குறைந்த தண்டனையோடு தருகின்றன.

ஊர்வழக்கம் ஒன்று இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. "முதல் டியூவில் பாதியை நானே போட்டுடறேன்ணே" என்று கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. அபராதம் பத்து லட்சம் வரை போகும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கியவர் இரண்டாம் டியூவில் முழுத்தொகையைப் பார்த்ததும் நின்றுவிடுவார். விட்டுக்கொடுத்த கமிஷனும் போய், ரினியூவலும் போகும்.

வாங்குகிறவர் ஏஜெண்டை எடைபோட நல்ல இடம் விண்ணப்பப் படிவம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை பற்றிய கேள்விகளை வாசித்துக் காட்டாமல், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தாமே நிரப்பி "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்பவர் மெடிக்கலுக்குப் பயந்து விற்பனையைக் காப்பாற்றுகிறார். மூன்று வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் அந்தப் பொய்யைக் காட்டி கிளெய்மை மறுக்கலாம்; அலைவது அந்த வீட்டுப் பெண். ஆகவே படிவத்தை நீங்களே நிரப்புங்கள். இந்தப் பாலிசியில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்று வெட்கப்படாமல் ஏஜெண்டிடம் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும்.