டார்ச் வெளிச்சத்தைக் குடித்தது யார்?

மின்சுற்றைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்ல உட்கார்ந்தால் முதலில் தோன்றுவது ஒரு குட்டி எலக்ட்ரான்தான். அது பேட்டரியிலிருந்து ஒளி மூட்டையைச் சுமந்து ஓடும், பல்பில் இறக்கிவைக்கும், களைத்துப்போய் வெறுங்கையோடு திரும்பும். படம் அழகாக வரும்; குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் கதை முடிந்தபின் மனதில் தங்குவது ஒரு பிழை: பல்பு மின்னோட்டத்தைக் குடித்துவிடுகிறது, திரும்பும் கம்பியில் மிச்சம்தான் ஓடுகிறது. 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் குழந்தைகளிடம் பேசிப் பதிவுசெய்த எண்ணங்களில் இதுவும் உண்டு. பாடம் நடத்திய பிறகும் லேசில் அசையாத எண்ணம் இது.

அந்த எண்ணத்தையே துப்பறியும் கதையாக்கிவிடலாம் என்பது என் யோசனை. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றும் அதில் தாமாக வந்து நிற்கும். கதை இப்படிப் போகிறது.

கயலுக்குப் பத்து வயது. ராத்திரி கரண்ட் போனதும் டார்ச்சை எடுத்து அமுக்கினாள். பேட்டரி அன்றைக்குத்தான் புதிதாகப் போட்டது. வெளிச்சமோ சோகை பிடித்தாற்போல் மஞ்சளாக விழுந்தது. விடிந்ததும், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அத்தையிடம் ஓடினாள்.

"அத்தை, இந்த பல்பு கரண்டை ரொம்பக் குடிக்குது போல."

"குடிக்குதான்னு பாத்துடுவோம், வா."

அத்தை டார்ச்சைப் பிரித்து மேசையில் பரப்பினாள். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, பல்பு, அடிமூடியில் இருந்த ஸ்பிரிங். எல்லாவற்றையும் ஒயரால் ஒரு சுற்றாக இணைத்தாள். அதே சோகை வெளிச்சம். அப்படியானால் திருடன் இந்த மேசைமேல்தான் இருக்கிறான்.

பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் ஒயரைப் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்த்தாள். 0.2 ஆம்பியர். அடுத்து, பல்பைத் தாண்டி ஸ்பிரிங்குக்குப் போகும் ஒயரைப் பிரித்து அங்கே சேர்த்தாள். அங்கேயும் 0.2.

"பல்பு குடிச்சிருந்தா இந்தப் பக்கம் கொறைஞ்சிருக்கணுமே, கயலு?"

கயல் பல்பின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள்: 3 வோல்ட், 0.3 ஆம்பியர். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் ஓடுது. ஆனா மொத்தமாவே கம்மியா ஓடுது அத்தை."

இப்போது அத்தை மீட்டரின் திருகை வோல்ட்டுக்குத் திருப்பினாள். இதற்கு எதையும் பிரிக்க வேண்டாம். ஒரு பொருளின் இரு முனையிலும் மீட்டரின் இரு குச்சிகளையும் வைத்தால் போதும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 3 வோல்ட். பல்பின் இரு முனைக்கும் இடையில் 2.

"மீதி ஒண்ணு எங்க?"

கயல் குச்சிகளை வாங்கிக்கொண்டு தேட ஆரம்பித்தாள். முதல் ஒயரில் கிட்டத்தட்ட பூஜ்யம். அடுத்த ஒயரிலும் அப்படியே. ஸ்பிரிங்கில் வைத்ததும் மீட்டர் 1 என்று காட்டியது. பழைய பேட்டரி எப்போதோ கசிந்து, ஸ்பிரிங்கின் நுனியில் பச்சையாகப் பூத்திருந்தது.

திருடனைப் பிடித்தும் கயலுக்குத் திருப்தி இல்லை. "ஸ்பிரிங் பல்புக்கு அப்புறம்தானே இருக்கு? பல்பைத் தாண்டி வந்த கரண்டை இது எப்படித் தடுக்க முடியும்?"

அத்தை வாசலில் நின்ற சைக்கிளின் ஸ்டாண்டைப் போட்டாள். "பின் வீல் பிரேக்கைப் பிடிச்சுக்க. நான் பெடலைச் சுத்துறேன்." பிரேக் உரசுவது பின்சக்கரத்தில். ஆனால் செயினின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே அளவுக்கு மெதுவானது. முன்னால் இருந்த பெடலும் கனத்தது. "நான் மிதிக்கிறது மின்னழுத்தம், செயின் ஓடுறது மின்னோட்டம், நீ பிடிச்ச பிரேக் மின்தடை. எங்க பிடிச்சாலும் செயின் முழுசும்தானே மெதுவாகும்?"

கயல் உப்புத்தாளால் ஸ்பிரிங்கைப் பளபளவென்று தேய்த்தாள். திரும்ப இணைத்து அளந்தபோது ஸ்பிரிங்கில் வோல்ட் இல்லை, பல்பில் 3. மின்னோட்டம் இரு பக்கமும் 0.3.

கதை இவ்வளவுதான். கயலின் கடைசிக் கேள்விதான் இதன் உயிர். மின்சாரம் பாதையில் ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது, பின்னால் இருப்பது முன்னால் உள்ளதைப் பாதிக்காது என்று பெரியவர்களும் நினைக்கிறோம். போதாததற்கு, எலக்ட்ரான்கள் பேட்டரியின் எதிர்முனையிலிருந்துதான் நகர்கின்றன. அவற்றின் வழியில் ஸ்பிரிங் முதலிலும் பல்பு பிறகும் வருகின்றன. எந்தத் திசையில் எண்ணினாலும் விடை மாறாது. சுற்றிலுள்ள தடை எல்லாம் சேர்ந்துதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது.

கணக்கைக் குழந்தையே போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங்கில் 1 வோல்ட், ஓடுவது 0.2 ஆம்பியர். வகுத்தால் பச்சையின் தடை 5 ஓம். பல்பில் 2 வோல்ட், அதே 0.2; தடை 10 ஓம். மொத்தம் 15. பேட்டரியின் 3 வோல்ட்டை 15-ஆல் வகுத்தால் திரும்பவும் 0.2 வருகிறது. பச்சை போனபின் 10 ஓம் மட்டுமே மிச்சம், ஆகவே 0.3. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் பல்புக்குக் கிடைக்கும் திறன் தெரியும்: முன்பு 0.4 வாட், இப்போது 0.9 வாட். பல்பு குடிக்கிறது என்று கயல் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அது எடுத்துக்கொள்வது ஆற்றலை. அந்தச் சொல்லைக் கதை முடிந்தபின் அறிமுகப்படுத்தினால் போதும்.

ஓடும் எலக்ட்ரான் ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரைச் சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியில் 0.3 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் கூட்டம் நொடிக்கு 0.05 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஒரு மீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல்பு உடனே எரிவது, சுற்று முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால்.

கதையில் பேட்டரி புதிதாக இருப்பதும் காரணத்தோடுதான். தேய்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சுவிட்சைப் போட்டதும் இறங்கிவிடும். அப்போது குற்றவாளி இரண்டாகி, குழந்தை குழம்பும். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓமுக்கும் இதே தொல்லை இருந்தது. அவருடைய பேட்டரி அளக்க அளக்க வலுவிழந்தது. அதை விட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து ஒரு சந்தியைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்து, நிலையான மின்னழுத்தம் பெற்றார். பல நீளக் கம்பிகளை அதில் மாட்டி அளந்துதான் தன் விதியைக் கண்டார். 1827-இல் அதை விளக்கும் நூலை வெளியிட்டார்.

குழந்தை இதை வீட்டில் செய்துபார்த்தால் மீட்டர் 0.2-க்குக் கொஞ்சம் மேலே காட்டலாம். பல்பின் இழை சூடாக ஆகத்தான் தடை கூடும். எரியாத பல்பின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மங்கலாக எரியும் பல்பு 10 ஓமுக்குக் குறைவாகவே காட்டும். எண்கள் சரியாக வர வேண்டுமென்றால் பல்புக்குப் பதில் 10 ஓம் மின்தடையம் ஒன்றைப் போட்டு அளக்கலாம். ஆம்பியரில் வைத்த மீட்டரை நேராகப் பேட்டரியின் இரு முனையில் வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்பதையும், சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கில் இந்த விளையாட்டே கூடாது என்பதையும், கயலின் கையில் மீட்டரைக் கொடுப்பதற்கு முன்பே அத்தை வாயால் சொல்லவைத்துவிட வேண்டும்.