ஒரு சவரன் சங்கிலியின் பில்

தங்கத்தின் விலை ஊருக்கெல்லாம் ஒன்றுதான். காலையில் சங்கம் அறிவிக்கும் விலையைத்தான் தமிழ்நாட்டுக் கடைகள் பெரும்பாலும் போர்டில் எழுதுகின்றன. அப்படியிருந்தும் அதே நாளில், அதே எடைச் சங்கிலிக்கு மூன்று கடைகள் மூன்று விலை சொல்கின்றன. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வருகிறது. அது தங்கத்தில் வருவதில்லை. பில்லில் தங்கத்துக்குக் கீழே எழுதப்படும் வரிகளில் வருகிறது.

முதலில் காரட். கலப்பில்லாத தங்கம் 24 காரட். அது மிருதுவானது, நகையாகச் செய்தால் வளைந்துபோகும். அதனால் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கமாக இருந்தால் 22 காரட். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். இதைத்தான் நாம் 916 என்கிறோம். 18 காரட் என்றால் ஆயிரத்துக்கு 750. எட்டு கிராம் நகையில் 22 காரட்டுக்கு ஏறக்குறைய 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். 18 காரட்டுக்கு 6 கிராம்தான். 18 காரட் நகை எடுத்தால் கிராமுக்கு எந்த விலை போட்டிருக்கிறார்கள் என்று பில்லில் பாருங்கள். 22 காரட்டுக்கான போர்டு விலையை அதற்கும் போடுவது நியாயமில்லை.

இனி ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், அதாவது எட்டு கிராம் சங்கிலி: தங்கத்துக்கு 80,000. சேதாரம் 12 சதவீதம்: 0.96 கிராம் தங்கத்தின் விலை, 9,600. செய்கூலி 400. இதுவரை 90,000. இந்த முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,700. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய்; அதற்கான வரியோடு 53 ரூபாய் 10 காசு. ஆக, 92,753 ரூபாய் 10 காசு.

மறுநாளே அந்தச் சங்கிலியை விற்கப் போனால் கிடைப்பது எட்டு கிராம் தங்கத்தின் விலைதான், அதிலும் கடைக்காரர் ஏதாவது கழித்துக்கொள்வார். மேலே கொடுத்த பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் திரும்பி வராது. அதில் பெரும்பகுதி சேதாரம். ஆகவே அதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பத்தர் பட்டறையில் கையால் நகை செய்த காலத்தில் சேதாரம் உண்மையான இழப்பு. உருக்கும்போது கொஞ்சம், அரத்தால் ராவும்போது கொஞ்சம், மெருகு போடும்போது கொஞ்சம் என்று தங்கம் குறையும். நகை எட்டு கிராம் நிற்க வேண்டுமானால் அதைவிடக் கூடுதலாகத் தங்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தூள் முழுவதும் காணாமல் போனதில்லை. பட்டறையைப் பெருக்கிய மண்ணைக்கூட விலை கொடுத்து வாங்கிப்போய் அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டு. இன்று பல சங்கிலிகளை மெஷின் பின்னுகிறது. சிதறும் தூளைச் சேகரித்து மறுபடி உருக்கிவிடுகிறார்கள். உங்கள் சங்கிலியைச் செய்ததில் 0.96 கிராம் தங்கம் வீணாகவில்லை. 12 சதவீதம் என்பது வேலைப்பாடு, கடையின் செலவு, லாபம் எல்லாம் சேர்ந்த ஒரு விலை. அதனால்தான் சில கடைகள் இப்போது அதை ‘விஏ’, அதாவது வேல்யூ அடிஷன் என்று எழுதுகின்றன. அந்த விலையை வாங்குவதில் தவறில்லை. நுணுக்கமான கோயில் நகைக்கு உழைப்பு அதிகம், சேதாரமும் அதிகம் இருக்கும். ஆனால் விலை என்றால் பேரம் பேசலாம். இழப்பு என்று நினைத்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவோம்.

சதவீதக் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கிராம் 5,000 ரூபாயாக இருந்தால் இதே சங்கிலிக்கு இதே 12 சதவீதச் சேதாரம் 4,800. கிராம் 10,000 ஆனால் 9,600. மெஷின் அதேதான், வேலை அதேதான். தங்கம் ஏறியதாலேயே வேலைக்கான விலையும் இரட்டிப்பாகிவிடுகிறது, அதற்கு மேல் வரியும் சேர்கிறது. செய்கூலியைக் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று பேசினால் இந்த ஏற்றம் இருக்காது. எனக்குச் சரியான முறையாகப் படுவது அதுதான்.

‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கடையில் சேதாரம் 14 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தங்கத்துக்கு மேல் 11,200 ரூபாய். இன்னொரு கடையில் சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 250 ரூபாய்: 6,400, அதோடு 2,000, மொத்தம் 8,400. நம் முதல் கடையில் 10,000. செய்கூலி இல்லாத கடைதான் மூன்றிலும் விலை கூடுதல்! எனவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் குழம்ப வேண்டாம். “தங்கத்துக்கு மேல வரிக்கு முன்னாடி மொத்தம் எவ்வளவுங்க வருது?” என்று கேட்டு, வரும் தொகையை எடையால் வகுத்தால் போதும். கிராமுக்கு 1,400, 1,050, 1,250 என்று மூன்று கடைகளும் ஒரே அளவுகோலில் வந்து நிற்கும்.

கல் பதித்த நகையில் மட்டும் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். தராசு காட்டும் எடையில் கல்லும் இருக்கிறது. கல்லின் எடையைக் கழித்து மிஞ்சும் நிகர எடைக்குத்தான் தங்க விலையும் சேதாரமும் போட வேண்டும். கல்லுக்குத் தனி விலை. ஒரு கிராம் கல்லைத் தங்கமாக எண்ணிவிட்டால் அதிலேயே பத்தாயிரம் போய்விடும்.

இத்தனை வரிகளிலும் மிகச் சிறியது ஹால்மார்க். நகைக்கு 45 ரூபாய்; மோதிரமானாலும் கனத்த ஆரமானாலும் அதேதான். எடையைப் பார்த்து யாராவது கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22K916 என்பது போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID. வெறுமனே 916 என்று அடித்திருந்தால் அது ஹால்மார்க் ஆகாது. அதை யாரும் அடிக்கலாம். ஹால்மார்க் கட்டாயமான நகைகளை 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. பாட்டி காலத்து நகையை வீட்டில் வைத்திருப்பவர்களை இது பாதிக்காது.

குறிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவை. கடையிலேயே பூதக்கண்ணாடி கேளுங்கள். BIS Care செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், என்ன வகை நகை, என்ன தரம், எந்த மையம் சோதித்தது என்று காட்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த எண் வேறொரு நகையுடையது.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையத்தில் கட்டணம் கட்டி நீங்களே சோதிக்கலாம். நம் எட்டு கிராம் சங்கிலி 916-க்குப் பதிலாக 900 என்று வந்தால், குறைந்த 16 பங்கின் மதிப்பு சுமார் 1,400 ரூபாய். பிஐஎஸ் விதிப்படி அதன் இரு மடங்கு, ஏறக்குறைய 2,800 ரூபாயும், சோதனைக் கட்டணமும் உங்களுக்கு இழப்பீடாக வர வேண்டும். அதைக் கேட்கப் பில் வேண்டும். நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மதிப்பீட்டுச் சீட்டில் கணக்கை எழுதிக் கொடுத்து அனுப்பினால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது.