ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாயும் சிமெண்டு அடைப்பும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு ஒரு கணக்கு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், களியக்காவிளையை ஒட்டி அமைந்துள்ளவை பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை மாறினும் நிலத்தடி அமைப்பு இரு புறமும் ஒன்றே. மேலே துளைகள் நிறைந்த செம்புரைக்கல், அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் கலந்த களிமண், அதற்கும் கீழே சிதைந்த பாறை, இறுதியில் கடினப் பாறை என்பதே பொதுவான அடுக்கு.

கொங்கு நாட்டில் பல இடங்களில் பாறை மேலாகவே கிடைப்பதால் சில குழாய்களே போதுமானவை. அந்த வழக்கத்தை இங்கே அப்படியே கடைப்பிடிக்க இயலாது. இங்கு மேல் மண் தடிமனானது; வீடுகளும் கழிவுநீர்க் குழிகளும் நெருங்கி அமைந்தவை. செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கும் கழிவுநீர், உறைக்குழாயின் வெளிப்புறமாக வழிந்து கிணற்றினுள் சேருவதற்கு ஒரு சிறு இடைவெளி போதும். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் தொலைவு வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. ஆனால் அடைப்பு இல்லாத கிணற்றை அத்தொலைவு மட்டும் காத்துவிடாது.

உறைக்குழாயின் நீளம்

கிணறு எவ்வளவு ஆழமோ அதற்கேற்ப உறைக்குழாயும் நீளும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பாறைக்கு மேலுள்ள மண்ணின் தடிமனே குழாயின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அத்தடிமனுடன், குழாய் பாறைக்குள் ஊன்றி நிற்க 1.5 மீட்டரும், தரைமட்டத்திற்கு மேல் 0.5 மீட்டரும் கூட்ட வேண்டும்.

75 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செம்புரைக்கல் 8 மீட்டர் வரையிலும், களிமண் 14 மீட்டர் வரையிலும், சிதைந்த பாறை 18 மீட்டர் வரையிலும் இருப்பின், தேவையான நீளம் 18 + 1.5 + 0.5 = 20 மீட்டர். 3 மீட்டர் நீளக் குழாய்களாயின் ஏழு தேவைப்படும். எஞ்சும் 1 மீட்டரை அறுத்துவிடலாம். கிணறு 150 மீட்டர் வரை தோண்டப்பட்டாலும் இந்த 20 மீட்டர் மாறாது. கீழே பாறையே சுவராக நிற்கும்.

கடினப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை வெளிவரும் துகள்கள் காட்டும். செந்நிறமும் வெண்ணிறமும் மறைந்து, சாம்பல் நிறத் தூள் தொடர்ந்து வர வேண்டும். களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உருண்டைப் பாறையும் சிறிது நேரம் இதே தூளைத் தரும். அதன்மீது குழாயை நிறுத்தினால், சில காலத்தில் அதன் அடியிலிருந்து களிமண் கிணற்றினுள் வழியும். ஆகவே ஒன்றரை மீட்டர் தோண்டிய பின்னரும் தூளின் நிறம் மாறாமல் இருப்பதைக் கண்ட பிறகே குழாயை இறக்க வேண்டும்.

துளையின் விட்டமும் சிமெண்டின் அளவும்

பாறையில் 165 மில்லிமீட்டர் துளையிடுவதற்கு, 180 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய் இறக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். மண் பகுதியில் 200 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 8 அங்குலத் துளையிட்டால், குழாயைச் சுற்றி 10 மில்லிமீட்டர் இடைவெளியே கிடைக்கும். அதனுள் சிமெண்டு ஊற்றும் குழாய் நுழையாது. மேலிருந்து கொட்டும் குழம்பும் களிமண்ணில் ஒட்டி நடுவழியில் நின்றுவிடும். 250 மில்லிமீட்டர் துளையிட்டால் இடைவெளி 35 மில்லிமீட்டராகும். 20 மில்லிமீட்டர் ஊற்றுக்குழாயை அதில் இறக்கலாம். ஆகவே அடைப்பின் தரம் சிமெண்டு வாங்கும்போதன்றி, மேல் மண்ணில் துளையின் விட்டத்தை முடிவு செய்யும்போதே உறுதியாகிறது.

சிமெண்டின் அளவை அறிய, துளை விட்டத்தின் வர்க்கத்திலிருந்து குழாய் விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து 0.7854-ஆல் பெருக்க வேண்டும். மீட்டரில் கணக்கிட்டால் 0.7854 × (0.0625 – 0.0324) = 0.0236, அதாவது ஒரு மீட்டர் உயரத்திற்கு 23.6 லிட்டர். தரைக்குக் கீழுள்ள 19.5 மீட்டருக்கு 460 லிட்டர் ஆகும். துளைச் சுவர் ஒழுங்கற்றிருப்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 552 லிட்டர். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றை 25 லிட்டர் நீரில் கலந்தால் ஏறத்தாழ 41 லிட்டர் குழம்பு கிடைக்கும். ஆகவே 14 மூட்டைகள் வேண்டும். 200 மில்லிமீட்டர் துளைக்கு 4 மூட்டைகளே கணக்கில் வரும். ஆனால் அச்சிக்கனத்திற்கு ஈடாகக் கிடைப்பது பெயரளவிலான அடைப்பே.

குழம்பை ஊற்றுக்குழாய் மூலம் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். முதலில் அடிப்பகுதி 3 மீட்டரை நிரப்பி இறுக விட்டு, பின்னர் மேற்பகுதியைப் படிப்படியாக நிரப்புதல் நன்று. முழு உயரத்தையும் ஒரே முறையில் நிரப்பினால், நீரினும் கனமான குழம்பின் அழுத்தம் மெல்லிய பி.வி.சி. குழாயை உள்நோக்கி நசுக்கக்கூடும். குழாயினுள் நீர் நிரப்பி வைப்பது இதைத் தடுக்கும். சிமெண்டு இறுகும் வரை, குறைந்தது 24 மணி நேரம், துளையிடுதலை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையெனில் சம்மட்டியின் அதிர்வு இளஞ்சிமெண்டைப் பிளந்துவிடும். ஒரே இரவில் வேலையை முடித்துச் செல்லும் வண்டிக்கு இக்காத்திருப்பு இழப்பாகும். எனவே காத்திருப்புக் கட்டணம் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

சரளை எங்கே வேண்டும்?

மேற்கூறிய கிணற்றில் நீர் பாறை வெடிப்புகளிலிருந்து வருகிறது. அங்குச் சரளைக்கு வேலை இல்லை. இருப்பினும் உறைக்குழாயைச் சுற்றி மேலிருந்து சரளை கொட்டும் வழக்கம் உண்டு. இது மேற்பரப்பு நீர் இறங்குவதற்கு வாய்க்கால் வெட்டியதற்கு ஒப்பாகும்.

பூவாறு பக்கத்து மணற்பாங்கான நிலத்திலோ தாழ்வான வயல்களிலோ, துளையிட்ட வடிகுழாய் மூலம் மணலடுக்கிலிருந்து நீர் எடுக்கும்போதே சரளை தேவைப்படும். அங்கே 300 மில்லிமீட்டர் துளையும் 180 மில்லிமீட்டர் குழாயும் இருப்பின், சுற்றிலும் 60 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஒரு மீட்டருக்கு 45 லிட்டர் சரளை செல்லும். வடிகுழாய் 6 மீட்டராயின், அதற்கு மேல் 2 மீட்டர் கூட்டி 8 மீட்டருக்கு 360 லிட்டர் போதும். சரளை மணலினும் நான்கு முதல் ஆறு மடங்கு பருமனுள்ள உருண்ட கூழாங்கல்லாக இருத்தல் வேண்டும். அதற்கு மேல் ஒரு மீட்டர் களிமண்ணும், பின்னர் தரைவரை சிமெண்டும் இடவேண்டும்.

சோதிக்கும் வழி

வேலையைப் பார்வையிடும் அலுவலருக்குக் கைகொடுப்பது மூட்டைக் கணக்கே. 14 மூட்டைகள் செல்லவேண்டிய இடத்தில் ஐந்திலேயே குழம்பு மேலெழுந்தால், இடையில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கிறது என்று பொருள். இருபதைத் தாண்டியும் நிரம்பாவிடின், செம்புரைக்கல்லின் பொந்துகளிலோ குழாயின் அடிவழியாகவோ குழம்பு வெளியேறுகிறது. உடனே நிறுத்திக் காரணம் காண வேண்டும்.

பயன்பாட்டில் உள்ள கிணறும் தன் குறையைத் தானே காட்டும். மழை பெய்த சில மணி நேரத்தில் நீர் கலங்குவதும், மோட்டார் நின்றிருக்கும்போது குழாயினுள் நீர் சொட்டும் ஓசை மேலிருந்தே கேட்பதும் அடைப்பு இல்லை என்பதன் அறிகுறிகள். அத்தகைய நீரைக் குடிப்பதற்கு முன் கிருமிச் சோதனை செய்வித்தல் கட்டாயம்.

கிணற்றின் தலைப்பகுதிக்கும் அளவு உண்டு. திறந்த துளைகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, குழாயைச் சுற்றி 0.50 மீட்டர் நீள அகலத்தில், தரைக்கு மேல் 0.30 மீட்டரும் கீழ் 0.30 மீட்டருமாகச் சிமெண்டு மேடை அமைத்து, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். ஆனால் மேடை மட்டும் கட்டி, அதன் கீழுள்ள 19.5 மீட்டரை வெறுமனே விட்டால், வெளியே தெரியும் பகுதி ஒழுங்காகவும் குடிநீர் கழிவுநீராகவும் இருக்கும்.