ஆண்களுக்கான இடுப்புத்தளப் பயிற்சி



நம் தோட்டத்து ஆண்கள் வெளியில் சொல்லக் கூசும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். இருமும்போதும் கனமான பொருளைத் தூக்கும்போதும் அடக்க முடியாமல் சிறுநீர் சிறிது கசிந்துவிடும். சிலருக்குச் சிறுநீர் கழித்துக் கைலியைக் கட்டிய பிறகு இரண்டு சொட்டு இறங்கும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. செய்ய எளிதுதான். ஆனால் அதைத் தவறாகச் செய்வதும் அதே அளவுக்கு எளிது. தவறாகச் செய்தவர் ஒருவரின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் என் பெரியப்பா. குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதலில் பால்மரம் சீவினார், பிறகு செம்பனைக் குலை வெட்டினார். அவருடைய 68ஆம் வயதில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு, அந்தச் சுரப்பியை அறுவைச் சிகிச்சையில் முழுமையாக எடுத்துவிட்டார்கள். நோய் தீர்ந்தது, ஆனால் சிறுநீர் நிற்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு முறை துணி மாற்றினார். கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவும் மறுத்துவிட்டார். காரணம் பெரியம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? சிறுநீர்ப்பைக்கு இரண்டு குழாய் அடைப்புகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே, பையின் வாயில் இருப்பது நாம் நினைக்காமலே தானாக மூடிக்கொள்வது. கீழே, புராஸ்டேட்டுக்கு அடியில் இருப்பது நாம் நினைத்தால் இறுக்கக்கூடியது. புராஸ்டேட்டை எடுக்கும்போது மேல் அடைப்பும் பெரும்பாலும் பழுதாகிறது. அதன் பிறகு கீழ் அடைப்பு ஒன்றே முழு வேலையையும் பார்க்க வேண்டும். அதற்குத் துணை நிற்பது இடுப்பின் அடியில் உள்ள தசைத்தளம். முன்னால் அடிவயிற்றுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, குழந்தையைக் கிடத்தும் தூளியைப் போல அது விரிந்து கிடக்கிறது. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அந்தத் தூளியின்மேல்தான் அமர்ந்திருக்கின்றன.

இத்தசைகளைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்பதை 1948ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் எழுதினார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசிந்த பெண்களுக்காக அவர் அதைச் சொன்னார். அதனால் இது பெண்கள் சமாச்சாரம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆணுக்கும் அதே தூளி இருக்கிறது. அதைச் சுருக்கி மேலே தூக்குவதுதான் பயிற்சி.

மருத்துவமனையில் பெரியப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "இது மூலபந்தம்தானே, நான் வாலிபத்திலேயே பழகியிருக்கிறேன்" என்றார். யோகத்தில் மூலபந்தம் என்ற முறை உண்டு. அடிப்பகுதியைச் சுருக்கி மேலே இழுப்பதுதான் அது. ஆனால் அதைப் பெரும்பாலும் மூச்சை நிறுத்திய நிலையில் செய்யப் பழக்குவார்கள். பெரியப்பாவும் அப்படியே செய்தார். காலையில் திண்ணையில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, முகம் சிவக்கும்வரை முக்கினார். இரண்டு மாதம் ஆயிற்று. கசிவு குறையவில்லை. பயிற்சி செய்யும்போதே துணி நனைந்தது.

பிறகு மருத்துவமனையின் உடலியக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போனேன். அங்கிருந்த இளைஞர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஐயா, வீட்டில் செய்வதை இங்கே ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார். பெரியப்பா மூச்சை இழுத்து அடக்கினார். இளைஞர் அவருடைய வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்கிறதே, ஐயா! நீங்கள் தூளியைத் தூக்கவில்லை, அதை மேலிருந்து மிதிக்கிறீர்கள்" என்றார்.

அதன் பொருள் இதுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை குடையைப் போல விரிந்திருக்கிறது. மூச்சை இழுத்தால் அது கீழே இறங்கும், வயிற்றிலுள்ளவை தாழும், அவற்றின் பாரத்தில் இடுப்புத்தளமும் சிறிது தாழும். மூச்சை விட்டால் எல்லாம் மேலே எழும். மூச்சை இழுத்து அடக்கி வயிற்றையும் இறுக்கினால் மேலிருந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. மலம் கழிக்க முக்குவதும் இதே செயல்தான். சிறுநீர்ப்பையின்மேல் அழுத்தம் கூடினால் கசியாமல் வேறென்ன செய்யும்?

சரி, உரிய தசையைக் கண்டுபிடிப்பது எப்படி? முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் தளரவிடுங்கள். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது அதை நடுவில் நிறுத்துவதாக மனத்தில் நினைத்து, ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குறுக்குவதுபோல் செய்யுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் செய்யுங்கள் என்றும் சொல்வதுண்டு. அதுவும் தளத்தை இறுக்கும், ஆனால் பின்பக்கத்தையே அதிகம் இறுக்கும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எந்தச் சொல்லுக்கு எந்தத் தசை அசைகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, 2016இல் வெளியிட்டார்கள். ஆணுறுப்பைக் குறுக்குங்கள் என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயைச் சுற்றிய தசை நன்றாக இயங்கியது.

சரியாகச் செய்கிறோமா என்பதை மூன்று வழிகளில் அறியலாம். முதலாவது கண்ணாடி. அதன்முன் நின்று செய்தால் உறுப்பின் அடிப்பகுதி சற்று உள்வாங்கும், விதைப்பை மெல்ல மேலெழும். இரண்டாவது விரல். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே விரலை வையுங்கள். சுருக்கும்போது அந்த இடம் இறுகி உள்நோக்கி விலகினால் சரி. விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைத்தால் நீங்கள் முக்குகிறீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவது நாற்காலி. உட்கார்ந்து செய்யும்போது உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பினால் பிட்டம் இறுகுகிறது என்று பொருள். உரிய தசை மட்டும் வேலை செய்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

உண்மையாகவே சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஆனால் தசையை அடையாளம் காண ஒருமுறை செய்தால் போதும். அதையே தினப் பயிற்சியாக்கினால் பை முழுதும் காலியாகாமல் சிறுநீர் தங்கும், தங்கினால் கிருமி சேரும்.

மூச்சுக்கு அந்த இளைஞர் எளிய மருந்து ஒன்று சொன்னார். வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாது. மூச்சை விடத் தொடங்கும்போதே தசையைத் தூக்கி, எண்ணிக்கொண்டே பிடித்திருங்கள். மூன்று எண்ணும்வரை பிடித்தால், அதே அளவு நேரம் முழுதாகத் தளரவிடுங்கள். இந்தத் தளர்த்தலும் பயிற்சியில் பாதி. தளராத தசை களைத்துப்போகும், மறுமுறை நன்றாகச் சுருங்காது.

ஒரு வேளைக்குப் பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை என்பது கணக்கு. தொடக்கத்தில் ஐந்துமுறைக்குமேல் முடியாவிட்டால் ஐந்தோடு நிறுத்துங்கள். எண்ணிக்கைக்காக வயிற்றையும் தொடையையும் துணைக்கு அழைத்தால் அந்தத் தடவை வீண். வாரங்கள் செல்லச் செல்ல, பிடிக்கும் நேரத்தைப் பத்து எண்ணும்வரை கூட்டலாம். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் சட்டென்று சுருக்கி, உடனே விடும் விரைவுச் சுருக்கல்கள் சில செய்யுங்கள். திடீரென்று இருமல் வரும்போது உதவுவது அந்த விரைவுதான். படுத்துச் செய்வது கைவந்தபின் உட்கார்ந்தும், அதன்பின் நின்றும் செய்யுங்கள்.

பயிற்சி வாழ்க்கையில் பயன்படுவது இப்படி. இருமுவதற்கு முன்பும் குலையைத் தூக்குவதற்கு முன்பும் தசையைச் சுருக்கிக்கொண்டு, மூச்சை விட்டபடி தூக்குங்கள். கழித்தபின் சொட்டும் தொல்லை உள்ளவர்கள், கழித்து முடித்ததும் ஒருமுறை பலமாகச் சுருக்குங்கள். பிறகு விதைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து, மெல்ல அழுத்தி முன்னோக்கித் தடவுங்கள். குழாயின் வளைவில் தங்கிய சொட்டுகள் வந்துவிடும்.

பெரியப்பா திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் பிடி நழுவியது. விரலை வைத்துப் பார்த்தே செய்தார். ஆறாவது வாரத்தில் நான்கு துணி இரண்டாயிற்று. மூன்றாவது மாதத்தில் தண்ணீர் வாளி தூக்கும்போது மட்டும் சிறிது கசிந்தது. அந்த ஆண்டுத் தீமிதியன்று கோயில் வாசலில் நின்றிருந்தார். பாதுகாப்புக்கு ஒரு துணி கட்டியிருந்தார், அவ்வளவுதான். எல்லாருக்கும் இதே வேகத்தில் குணம் தெரியும் என்று சொல்ல முடியாது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ஓராண்டு பிடிக்கும். சிலருக்கு வேறு சிகிச்சையும் தேவைப்படும்.

இந்தப் பயிற்சி ஆகாத இடங்களும் உண்டு. சிறுநீர்க் குழாய் பொருத்தியிருக்கும்போது செய்யக்கூடாது, அதை எடுத்தபிறகே தொடங்க வேண்டும். அடிவயிற்றிலோ விதைப்பைக்குப் பின்னாலோ வலி இருந்து, சிறுநீர் வரவே சிரமப்படுகிறவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கலாம். அவர்கள் மேலும் இறுக்கினால் வலி கூடும். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்டு, பை நிரம்பி வழிந்து சொட்டுவதும் உண்டு, அதற்கும் இது மருந்தாகாது. சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

மாதக்கணக்கில் செய்தும் பலனில்லையே என்கிறவர்கள், விட்டுவிடுவதற்கு முன் இன்றிரவு படுக்கையில் ஒரு கையை வயிற்றிலும் ஒரு விரலை அடியிலும் வைத்து, உரக்க எண்ணிக்கொண்டே ஒருமுறை செய்து பாருங்கள். வயிறு கல்லானதா, விரல் வெளியே தள்ளப்பட்டதா, எண்ணிக்கை நடுவில் நின்றதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் இத்தனை நாளும் வேலை செய்தது வேறு தசை என்று அறிந்துகொள்வீர்கள்.