மார்ச் 31-ஆ, ஏப்ரல் 1-ஆ? ஒரு தேதி எந்த நிதியாண்டில் வரும்னு கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். 2025 மார்ச் 29, சனிக்கிழமை. ஒருத்தர் பழைய வரிமுறையில் இருக்கார். வரி சேமிக்கணும்னு ஈ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் 50,000 ரூபாய் போடுறார். அன்னைக்கே அவர் அக்கவுண்டில் இருந்து பணம் போயிடுச்சு. இந்த முதலீடு எந்த நிதியாண்டில் வரும்?

"மார்ச் மாசம்தானே, அப்போ 2024-25"னு சொல்லத் தோணும். ஆனா பதில் 2025-26. அந்த வருஷம் அவர் 20% வரி வரம்பில் இருந்திருந்தா, 4% செஸ்ஸையும் சேர்த்து 10,400 ரூபாய் கூடுதலா வரி கட்டியிருப்பார்.

ஏன் இப்படி ஆச்சு? அதைப் புரிஞ்சுக்க, முதல்ல அடிப்படை விதியைப் பார்த்துட்டு வந்துடலாம்.

விதி ஒண்ணுதான்

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி அடுத்த வருஷம் மார்ச் 31-ல் முடியும். அதனால ஒரு தேதியைப் பார்த்ததும் மாசத்தை மட்டும் கவனிங்க. ஏப்ரல் முதல் டிசம்பர் வரைன்னா, தேதியில் இருக்கும் வருஷம்தான் நிதியாண்டின் தொடக்க வருஷம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுன்னா ஒரு வருஷம் பின்னாடி போகணும்.

2025 அக்டோபர் 10: தொடக்கம் 2025, அதனால நிதியாண்டு 2025-26. 2026 பிப்ரவரி 10: இது முதல் மூணு மாசத்துக்குள்ள வருது. ஒரு வருஷம் பின்னாடி போனா தொடக்கம் 2025, அதனால இதுவும் 2025-26. ஆனா 2026 ஏப்ரல் 1-ஆம் தேதி 2026-27-க்குப் போயிடும். தேதி மட்டும் வேணாம், மாசத்தைப் பார்த்தாலே போதும்.

ஷீட்டில் போடும்போது

பத்துப் பதினஞ்சு வரின்னா மனசாலேயே பண்ணிடலாம். ரெண்டு வருஷத்து பேங்க் ஸ்டேட்மெண்ட்னா ஃபார்முலா வேணும். A2-வில் தேதி இருந்தா, பக்கத்து செல்லில் இதைப் போடுங்க. எக்செல், கூகுள் ஷீட்ஸ் ரெண்டிலும் வேலை செய்யும்.

```
=YEAR(EDATE(A2,-3))&"-"&TEXT(EDATE(A2,9),"yy")
```

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஏப்ரல் 1-ல் இருந்து மூணு மாசம் பின்னாடி போனா ஜனவரி 1. மார்ச் 31-ல் இருந்து மூணு மாசம் பின்னாடி போனா, முந்தைய வருஷத்து டிசம்பர் 31. அதாவது தேதியை மூணு மாசம் நகர்த்திட்டா, நிதியாண்டு சாதாரண காலண்டர் வருஷம் மாதிரி ஆயிடுது. அந்த வருஷம்தான் தொடக்கம். அதே மாதிரி ஒன்பது மாசம் முன்னாடி நகர்த்தினா முடியும் வருஷம் கிடைக்கும். 2026 மார்ச் 31-ஐப் போட்டுப் பாருங்க, 2025-26-னு வரும். ஏப்ரல் 1-ஐப் போட்டா 2026-27.

ஃபார்முலா சரியா இருந்தும் பதில் தப்பா வர ஒரு இடம் இருக்கு. பேங்கில் இருந்து எடுக்கும் ஃபைலில் 04/03/2026-னு இருக்கும். நமக்கு அது மார்ச் 4. உங்க ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தா, அது மாசத்தை முதல்ல படிக்கும். அதுக்கு இது ஏப்ரல் 3. வித்தியாசம் ஒரு மாசம்தான், ஆனா நிதியாண்டே மாறிடுச்சு. எந்த எர்ரரும் காட்டாது, அதுதான் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. 25/03/2026 மாதிரி தேதிகளைப் பாருங்க. 25-னு ஒரு மாசம் இல்லாததால ஷீட் அதைத் தேதியாவே எடுத்துக்காது. வெறும் எழுத்தா செல்லின் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும், ஃபார்முலா `#VALUE!` காட்டும். ஒரே காலத்தில் 12-க்கு மேற்பட்ட தேதிகள் மட்டும் இப்படி இடது பக்கம் நின்னா, மத்த தேதிகளில் நாளும் மாசமும் இடம் மாறியிருக்குன்னு அர்த்தம். எர்ரர் காட்டுற வரியை மட்டும் கையால திருத்திட்டு விட்டுடாதீங்க. அமைதியா இருக்கிற வரிகள்தான் தப்பு.

கூகுள் ஷீட்ஸில் File > Settings > Locale போய் India-னு மாத்திட்டு, ஃபைலை மறுபடியும் முதல்ல இருந்து இம்போர்ட் பண்ணுங்க. எக்செல்னா விண்டோஸின் Region அமைப்பை English (India)-னு மாத்திட்டு ஃபைலை மறுபடி திறங்க. ஏற்கனவே தப்பா மாறின தேதிகள் தானா சரியாகாது.

எந்தத் தேதியைப் போடணும்?

இப்போ அந்த 50,000 ரூபாய்க்கு வருவோம். ஃபார்முலாவில் மார்ச் 29-ஐப் போட்டா 2024-25-னுதான் வரும். ஃபார்முலா மேல தப்பில்லை, போட்ட தேதிதான் தப்பு. மியூச்சுவல் ஃபண்டில் நமக்கு யூனிட் எந்த நாளின் என்.ஏ.வி.-யில் ஒதுக்கப்படுதோ, அந்த நாள்தான் முதலீட்டுத் தேதி. பணம் ஃபண்ட் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, அது வேலை நாளாகவும் இருக்கணும். மதியம் 3 மணிக்கு மேல போய்ச் சேர்ந்தா அடுத்த வேலை நாள்.

2025-இல் மார்ச் 29, 30 சனி, ஞாயிறு. மார்ச் 31 திங்கட்கிழமை ரம்ஜான், பங்குச்சந்தை விடுமுறை. அப்போ அந்த நிதியாண்டின் கடைசி வேலை நாள் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை போட்ட பணத்துக்கு ஏப்ரலில்தான் யூனிட் கிடைச்சிருக்கும். கழிவு முழுசா போயிடாது. பழைய வரிமுறையிலேயே தொடர்ந்தா, 2025-26 கணக்கில் ஒன்றரை லட்சம் வரம்புக்குள்ள அதைக் காட்டிக்கலாம். ஆனா எந்த வருஷத்துக்காகப் போட்டாரோ, அந்த வருஷத்துக்கு உதவலை.

இன்ஷூரன்ஸ் பிரீமியம் வேற மாதிரி. அங்கே கெடு தேதி முக்கியம் இல்லை, பணம் கட்டின தேதிதான் கணக்கு. மார்ச் 25 கெடு இருந்த பிரீமியத்தை, சலுகை நாட்கள் இருக்குன்னு ஏப்ரல் 10-ல் கட்டினீங்கன்னா, பாலிசி உயிரோட இருக்கும், ஆனா வரிக்கழிவு அடுத்த நிதியாண்டுக்குப் போயிடும். ஏப்ரல் 5 கெடுவை மார்ச் 28-லேயே கட்டிட்டா இந்த நிதியாண்டிலேயே கிடைக்கும்.

சம்பளத்துக்கு விதி இன்னும் வேற. சம்பளம் உங்களுக்கு உரியதாகும் நாள், கையில் கிடைக்கும் நாள், இந்த ரெண்டில் எது முந்தியோ அதுதான் கணக்கு. தனியார் கம்பெனியில் 2026 மார்ச் மாசச் சம்பளம் மார்ச் 31-ல் உங்களுக்கு உரியதாயிடுது. அது ஏப்ரல் 5-ல் கிரெடிட் ஆனாலும் 2025-26 வருமானம்தான். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வெச்சு ஃபார்முலா போட்டா இது 2026-27-னு காட்டும். அதனால சம்பளத்துக்கு கிரெடிட் தேதியைப் போடாதீங்க, பே-ஸ்லிப்பில் இருக்கிற மாசத்தின் கடைசி நாளைப் போடுங்க. ஏப்ரல் சம்பளத்தில் கொஞ்சம் மார்ச்சிலேயே அட்வான்ஸா வாங்கியிருந்தா, அந்தப் பகுதி கையில் கிடைச்ச மார்ச் கணக்கில் வரும்.

அரியர்ஸ்ல பலர் குழம்புவாங்க. ஜனவரியில் இருந்து இன்கிரிமெண்ட்னு மே மாசம் அறிவிச்சு, மே மாசமே பாக்கியைக் கொடுக்கிறாங்கன்னு வைங்க. மே மாசம் வரைக்கும் அந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமையே இல்லை. அதனால மொத்தமும் மே இருக்கிற நிதியாண்டில் வரும். ஒரே வருஷத்தில் சேர்ந்து வந்ததால வரி கூடுச்சுன்னா, அதுக்கு சட்டத்தில் ரிலீஃப் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் பண்றதுக்கு முன்னாடி அதுக்கான தனிப் படிவத்தைக் கொடுக்கணும்.

2026-27-னா எந்த 2026-27?

நிதியாண்டைச் சரியா கண்டுபிடிச்சிட்டீங்க. இனி போர்ட்டலில் அதுக்கு என்ன பேர் இருக்குன்னு பார்க்கணும். இதுவரைக்கும் வருமானம் வந்த வருஷத்துக்கு ஒரு பேர், அதை மதிப்பிடும் அடுத்த வருஷத்துக்கு Assessment Year-னு இன்னொரு பேர் இருந்துச்சு. 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதை மாத்தி, Tax Year-னு ஒரே பேராக்கிடுச்சு. Tax Year-னா வருமானம் வர்ற அதே நிதியாண்டுதான்.

நல்ல மாற்றம். ஆனா மாறுற நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கு. 2026 மார்ச் 15-ல் வந்த வருமானம் 2025-26 நிதியாண்டு. அதுக்குப் பழைய சட்டம்தான், Assessment Year 2026-27. ஒரு மாசம் கழிச்சு ஏப்ரல் 15-ல் வந்த வருமானம் Tax Year 2026-27. ரெண்டிலும் எண் ஒண்ணு, வருமானம் வேற வேற வருஷம்.

2025-26 வருமானத்துக்கு பாக்கி வரி கட்டும்போது, எண்ணை மட்டும் பார்த்து Tax Year 2026-27-ஐ தேர்ந்தெடுத்துட்டா, பணம் அரசுக்குப் போய்ச் சேரும். ஆனா உங்க ரிட்டர்னில் பாக்கி அப்படியே நிக்கும். அதனால பணம் கட்டுற பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, எண்ணுக்கு முன்னாடி இருக்கிற பேரைப் படிச்சுக்கோங்க.

உங்க ஷீட்டில் இன்னைக்கே ஒரு காலம் கூடுதலா சேருங்க. பேங்க் தேதி ஒரு காலம், கணக்குத் தேதி இன்னொரு காலம். பெரும்பாலான வரியில் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். சம்பளம், ஃபண்ட் முதலீடு வரிகளில் மட்டும் கணக்குத் தேதியை பே-ஸ்லிப்பையும் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட்டையும் பார்த்துப் போடுங்க. ஃபார்முலா எப்பவும் கணக்குத் தேதி காலத்தைத்தான் பார்க்கணும். மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் மட்டும் ஒரு தடவை கண்ணால சரிபார்த்துட்டீங்கன்னா, மத்த அம்பது வாரத்தையும் ஃபார்முலாவே பார்த்துக்கும்.