வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

ஆலந்தலையில் 72 வயது மீனவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி சிகிச்சைக்குக் கைகொடுக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு குளிப்பாட்ட, நடக்க வைக்க ஆள் வேண்டுமே?

அதற்கு அந்த அட்டையில் பணம் இல்லை. தனியார் பாலிசியிலும் இதே கதைதான். பாலிசி பேப்பரில் Excl05 என்ற பிரிவைத் தேடிப் பாருங்க. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட உதவிக்கான செலவு கிடையாது என்று அதில் இருக்கும்.

அப்போ வேறு வழி? பாதிப்பு 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று இருந்தால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதிக ஆதரவு தேவைப்படுபவர் என்று தேர்வானால், உதவியாளருக்காக இன்னும் 1,000 ரூபாய் உண்டு. பிசியோதெரபிக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' குழு வீட்டுக்கே வரும்.

ஆளுக்குத் தினம் 500 ரூபாய் என்றாலே மாதம் 15,000 ஆகிறது. கையில் வருவது 3,000 தான். மீதி 12,000 குடும்பத்தின் தலையில்தான். வசதி இருந்தும் பிள்ளைகள் கைவிட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி அவர் உத்தரவிட முடியும்.